ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன்

சாப்பிட்டு வருவதற்குள் படுக்கையறை குளிர்ந்துவிடும் என்று முன்கூட்டியே ஃபேனைப் போட்டு வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அறை குளிர்வதில்லை. மோட்டார் இழுக்கும் 70 வாட்டும் கடைசியில் வெப்பமாகி அந்த அறைக்குள்தான் சேருகிறது.

குளிர்வது நம் தோல். அதன் வெப்பநிலை சுமார் 34 டிகிரி, அறைக் காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காற்று அசையாதபோது, தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு காற்றுப் படலம் நிற்கும். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகிவிடும். காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால், அந்தப் படலமே ஒரு மெல்லிய போர்வை. ஃபேன் காற்று அதை அடித்துக்கொண்டு போய், 30 டிகிரிக் காற்றைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அசையாத காற்றில் இப்படிப் போகும் வெப்பம் ஏறத்தாழ 20 வாட். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே அது 50 வாட்டைத் தாண்டிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு உண்டாக்குவதே 100 வாட் அளவுதான். வியர்வை ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சி இதற்கு மேல்.

சந்தேகமிருந்தால் ஒரு தெர்மாமீட்டரை ஃபேனுக்கு நேர் கீழே வையுங்கள். 30 டிகிரியில் இருந்தது 30-லேயே நிற்கும். அதனிடம் பறிகொடுக்கக் கூடுதல் சூடு இல்லையே! குமிழில் ஈரத்துணியைச் சுற்றினால் இறங்கும். ஆனால் அது தண்ணீர் ஆவியாவதன் வேலை.

இதே குழப்பம் குளிர் நாடுகளிலும் உண்டு. டொரண்டோவில் 2 டிகிரி, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று என்றால், வானிலை அறிக்கை 'உணரும் குளிர்' மைனஸ் 4 என்று சொல்லும். உடனே குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். உறையாது. காற்று எவ்வளவு அடித்தாலும் குழாய் 2 டிகிரிக்குச் சீக்கிரம் வந்து சேரும், அதற்குக் கீழே போகாது. மைனஸ் 4 என்பது வெளியில் நிற்கும் மனிதரின் தோலுக்கான கணக்கு.

அப்புறம், காற்று பட்டாலே குளிரும் என்று நம்புவது. அக்னி நட்சத்திரத்தில், 42 டிகிரியில், வேலூர்ப் பக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு முகத்தில் அறையும் அனல் தெரியும். இப்போது தோலைவிடக் காற்றுதான் சூடு. அந்தப் படலம் நம்மைக் காத்துக்கொண்டிருந்தது. வேகம் அதையும் பிய்த்தெறிந்து சூட்டை உள்ளே ஏற்றுகிறது. வியர்வை தாராளமாக இருந்தால் ஓரளவு ஈடுகட்டும். வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கு அந்த வழியும் அடைபடும். அதனால்தான் 40 டிகிரிக்கு மேல் ஃபேனை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் பாட்டிக்கு ஃபேனைக் கூட்டி வைப்பதைவிட, கை கால்களை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள்.