அமெரிக்காவில் 'ரப்பர்' கேட்காதீர்கள்

பென்சில் எழுத்தை அழிக்க நாம் கேட்கும் 'ரப்பர்' பிரிட்டனிலும் ரப்பர்தான். அமெரிக்காவில் அது பேச்சுவழக்கில் ஆணுறை. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரரிடம் "ஒரு ரப்பர் கிடைக்குமா?" என்றால் சிரிப்புதான் பதிலாக வரும். அங்கே 'இரேஸர்' என்று கேளுங்கள். தனியாக, எண்ணிக்கையோடு சொன்னால்தான் சிக்கல். ரப்பர் பேண்ட், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் தாராளமாகச் சொல்லலாம்.

லண்டனில் கதை தலைகீழ். 'பேண்ட்ஸ்' என்றால் அங்கே பெரும்பாலும் உள்ளாடை. மழையில் பேண்ட் நனைந்ததைச் சொல்ல 'டிரவுசர்ஸ்' என்பதே சரி. நம் ஊரில் டிரவுசர் என்றால் அரைக்கால் சட்டை, அதனால் வாய் தயங்கும், பழக்கிக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் போட்டிருந்தால் ஜீன்ஸ் என்றே சொல்லிவிடலாம், எந்த ஊரிலும் வம்பில்லை.

இடுப்பில் கட்டும் பையை அமெரிக்கர்கள் 'ஃபேனி பேக்' என்பார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஃபேனி என்பது பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். கடையில் 'பம் பேக்', அதாவது bum bag, என்று கேளுங்கள்.

வாய் தவறிவிட்டதா? நீளமாக விளக்க வேண்டாம். "சாரி, இரேஸர்" என்று சரியான சொல்லை மட்டும் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள்.