கிரேஸ் மார்க் போட்டால் திட்ட விலக்கம் மாறுமா?

காட்பாடியில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். 50 மார்க் டெஸ்டில் ஒரு 3 மார்க் கேள்வி தப்பாக அச்சாகிவிட்டது, அதனால் எல்லாருக்கும் 3 மார்க் போட வேண்டியிருந்தது. பிறகு 100-க்கு மாற்ற இரண்டால் பெருக்க வேண்டும். சராசரியையும் திட்ட விலக்கத்தையும் முதலிலிருந்து போட வேண்டுமா? வேண்டாம்.

ஐந்து பேப்பரை எடுத்துக்கொள்வோம்: 14, 18, 20, 22, 26. சராசரி 20. ஒவ்வொரு மார்க்கும் சராசரியிலிருந்து விலகும் அளவு −6, −2, 0, 2, 6. வர்க்கங்களின் கூடுதல் 80, அதை 5 ஆல் வகுத்தால் 16, வர்க்கமூலம் 4. திட்ட விலக்கம் 4.

முதலில் 3 கூட்டுவோம்: 17, 21, 23, 25, 29. சராசரி 23. விலகல்களை எழுதிப் பாருங்கள், அதே −6, −2, 0, 2, 6 தான். மார்க்கும் 3 ஏறியது, சராசரியும் 3 ஏறியது, கழிக்கும்போது அந்த 3 அடிபட்டுப் போகிறது. காட்பாடியில் கிளம்பிய பஸ் வேலூர் வந்து சேர்ந்தாலும் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் இடைவெளி மாறுமா? திட்ட விலக்கம் 4 அப்படியே நிற்கிறது.

அடுத்து, பழைய மார்க்கை இரட்டிப்பாக்குவோம்: 28, 36, 40, 44, 52. சராசரி 40. விலகல்கள் −12, −4, 0, 4, 12. திட்ட விலக்கம் 8.

பிள்ளைகள் வழுக்கும் இடம் இதுதான். வர்க்கங்களின் கூடுதல் 320, ஐந்தால் வகுத்தால் 64. 16 இருந்தது 64 ஆகிவிட்டதே, நாலு மடங்கல்லவா என்பார்கள். அது விலக்க வர்க்கச் சராசரி. இரண்டால் பெருக்கிய விலகலை வர்க்கப்படுத்தும்போது நாலு மடங்காகும், வர்க்கமூலம் எடுத்ததும் இரு மடங்குக்குத் திரும்பிவிடும். "மாறுபாடு என்ன?" என்று கேட்டால், எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது வரிசை முக்கியம். கேள்வி 50 மார்க் பேப்பரில் இருந்ததால் முதலில் கூட்டி, பிறகு பெருக்க வேண்டும்: சராசரி 46. பெருக்கிவிட்டு 3 கூட்டினால் 43 தான் வரும், பிள்ளைகளுக்கு 3 மார்க் நஷ்டம். திட்ட விலக்கம் இரண்டிலும் 8 என்பதால் அதைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடியாது.

சரிபார்க்க எனக்கு ஷீட் தான் பிடிக்கும், கால்குலேட்டரில் ஒரு எண்ணை விட்டாலும் தெரியாது. ஆனால் இந்த வாய்ப்பாடுதான் போட வேண்டும்:

```
=STDEV.P(B2:B6)
```

STDEV.S போட்டால் 4-க்குப் பதில் 4.47 வரும், அது n−1 ஆல் வகுக்கிறது. நம் பாடத்தில் n ஆல் வகுக்கிறோம்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர், 49 வாங்கிய பையனுக்கு 3 போட்டால் 52 ஆகிறதே என்று கேட்டிருந்தார். 50-ல் நிறுத்தினால் அவனுக்கு 1 தான் ஏறும். ஐந்து பேரில் ஒருவன் அப்படி என்றால் சராசரி 3 ஏறாது, 2.6 தான் ஏறும். மேலே இருப்பவன் மற்றவர்களுக்குக் கொஞ்சம் நெருங்கி வருவதால் திட்ட விலக்கமும் குறையும். ஃபெயில் ஆகும் பிள்ளைகளுக்கு மட்டும் கிரேஸ் போட்டாலும் இதே கதைதான். அப்போது குறுக்குவழி கிடையாது, மார்க்கை எல்லாம் போட்டு முதலிலிருந்து கணக்கிட வேண்டும்.