தப்பான விடையும் ஆப்ஷனில் இருக்கும்: பாண்ட் கணக்கில் கால்குலேட்டர் தவறுகள்

நிதித் துறைக்கான சிஎஃப்ஏ லெவல் 1 தேர்வில் ஒரு கேள்விக்குச் சராசரியாக 90 வினாடிதான். நாலரை மணி நேரத்தில் 180 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் தந்திருப்பார்கள். சரியான விடை தவிர மீதி இரண்டும் வாய்க்கு வந்த எண்கள் இல்லை. இன்ன பட்டனை மறந்தால் இன்ன எண் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். அதனால் 'என் விடை ஆப்ஷனில் இருக்கிறதே, அப்போ சரிதான்' என்ற நிம்மதி, பாண்ட் விலைக் கணக்கில் செல்லாது.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். முக மதிப்பு 1,000. முதிர 8 ஆண்டுகள். கூப்பன், அதாவது வட்டி, ஆண்டுக்கு 6%, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும். ஒய்டிஎம், அதாவது முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஈட்டு விகிதம், ஆண்டுக்கு 7%. இதுவும் அரையாண்டு அடிப்படையில் சொன்னது. பாண்டின் விலை எதற்கு மிக அருகில்? 939.53, 940.29, 952.23.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ 2 பிளஸ் கால்குலேட்டரில் N என்பது காலங்களின் எண்ணிக்கை, I/Y விகிதம், PMT ஒவ்வொரு காலமும் வரும் தொகை, FV கடைசியில் வரும் தொகை, PV இன்றைய விலை. ஆண்டுக்கு எத்தனை தவணை என்று சொல்லும் P/Y 1 என்று இருக்கும்போது, சரியான வரிசை இது:

```
2ND CLR TVM
16   N
3.5  I/Y
30   PMT
1000 FV
CPT  PV      → -939.53
```

மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூப்பனும் முக மதிப்பும் நம் கைக்கு வரும் பணம், விலை நம் கையிலிருந்து போகும் பணம். அதைத்தான் சொல்கிறது.

இப்போது 940.29 எங்கிருந்து வந்தது? N-க்கு 8, I/Y-க்கு 7, PMT-க்கு 60 என்று ஆண்டுக் கணக்காகவே போட்டால் வருவது அது. வித்தியாசம் வெறும் 76 காசு. உத்தேசமாக யோசித்துப் பார்த்து இதைப் பிடிக்கவே முடியாது. இரண்டுமே ஆயிரத்துக்குக் கீழே, இரண்டுமே நம்பும்படியான விலை. 'அரையாண்டு' என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்ததும் N, I/Y, PMT மூன்றையும் மாற்றியாக வேண்டும். I/Y-ஐயோ PMT-ஐயோ மட்டும் விட்டால் தப்பிக்க வழி உண்டு, ஏனென்றால் எண் கோணலாக வரும். N 16, PMT 30 என்று போட்டுவிட்டு I/Y-ஐ மட்டும் 7 என்றே விட்டால் 622.13 வரும். ஈட்டு விகிதம் கூப்பனைவிட ஒரு சதவீதம்தான் அதிகம். அதற்கு எட்டு ஆண்டு பாண்ட் 38 சதவீதமா சரியும்? அங்கேயே சந்தேகம் வந்துவிட வேண்டும். மூன்றையுமே மாற்றாமல் விடுகிறவர் கடைசி வரை சந்தேகப்படாமல் மாட்டிக்கொள்கிறார்.

952.23 இன்னும் பொல்லாதது. எண்களை எல்லாம் சரியாகப் போட்டும் இது வரும். முந்தைய கேள்வி ஏதோ வாடகையோ இன்சூரன்ஸ் பிரீமியமோ, ஒவ்வொரு காலத்தின் தொடக்கத்திலும் பணம் கட்டும் கணக்காக இருந்திருக்கும். அதற்காக `2ND BGN` போய் `2ND SET` அழுத்தி BGN-க்கு மாற்றினீர்கள், திருப்பி வைக்க மறந்துவிட்டீர்கள். அப்புறம் வரும் ஒவ்வொரு கூப்பனும் ஆறு மாதம் முன்கூட்டியே கிடைப்பதாகக் கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளும். `2ND CLR TVM` இதை மாற்றாது. அது ஐந்து மதிப்புகளை மட்டும்தான் துடைக்கும். BGN-உம் P/Y-உம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரே அடையாளம், திரையின் மேலே பொடி எழுத்தில் தெரியும் BGN. வழக்கமான END முறையில் இருந்தால் அங்கே எதுவும் தெரியாது. பொடி எழுத்தைப் பார்க்கும் பழக்கத்தை விரலோடு சேர்த்துப் பழக வேண்டும்: CPT அழுத்தும் முன் கண் ஒருமுறை திரையின் மேல் ஓரத்துக்குப் போய் வரட்டும்.

P/Y பற்றி ஒரு சொந்தக் கதை. நான் முதலில் வைத்திருந்தது ஒரு சீனியரிடம் வாங்கிய பழைய கால்குலேட்டர். பழைய பிஏ 2 பிளஸ்களில் P/Y 12 என்றே அமைந்திருக்கும். இப்போது வருபவற்றில் 1. எனக்கு அது தெரியாது. மேலே சொன்ன அதே வரிசையை அழுத்தினால் 1,422.78 என்று காட்டியது. 3.5-ஐ 12-ஆல் வகுத்து, காலத்துக்கு 0.29% என்று தள்ளுபடி செய்திருக்கிறது. ஒரு வாரம் சூத்திரத்தையே சந்தேகப்பட்டேன். ஈட்டு விகிதம் கூப்பனைவிட அதிகமாக இருக்கும்போது விலை ஆயிரத்தைத் தாண்டவே கூடாது என்பதைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். `2ND P/Y`, `1 ENTER`, `2ND QUIT`. அதற்குப் பிறகு P/Y-ஐ நான் தொடுவதே இல்லை. சிலர் அரையாண்டு பாண்டுக்கு P/Y-ஐ 2 ஆக்கி, I/Y-க்கு முழு 7 போடுவார்கள். விடை சரியாகத்தான் வரும், தப்பில்லை. ஆனால் அடுத்த கேள்வி ஆண்டுக் கணக்காக வரும்போது திருப்பி வைக்க வேண்டும், அல்லது பழக்கதோஷத்தில் 3.5 போட்டு இரண்டு முறை பாதியாக்கிவிடுவார்கள். 90 வினாடியில் நினைவில் வைக்க இன்னொரு விஷயம் எதற்கு? P/Y எப்போதும் 1, வகுக்கிற வேலை தலையில் என்பதே என் கட்சி.

அடுத்து, துடைக்காமல் தொடங்குவது. `CE|C` திரையைத்தான் சுத்தம் செய்யும். கால்குலேட்டரை அணைத்தாலும் TVM மதிப்புகள் போகாது. இந்த பாண்டுக்கு அடுத்ததாக அதே 8 ஆண்டுக்கு ஜீரோ கூப்பன் பாண்ட் கேட்கிறார்கள் என்று வையுங்கள். கூப்பன் இல்லை என்பதால் PMT பக்கமே போக மாட்டோம். அங்கே பழைய 30 இன்னும் இருக்கும். வர வேண்டிய விலை 576.71, வருவது மறுபடி 939.53. எனவே ஒவ்வொரு கணக்கையும் `2ND CLR TVM`-இல் தொடங்குங்கள், அல்லது `0 PMT` என்று கையால் போடுங்கள். நான் இரண்டையும் செய்வேன்.

கேள்வியைத் திருப்பிப் போட்டு விலையைக் கொடுத்து ஒய்டிஎம் கேட்டால், குறியீடு முன்னால் வந்து நிற்கும். விலையை மைனஸாக்காமல் போட்டால் `Error 5` வரும். இது நல்ல தவறு, தானே காட்டிக்கொடுத்துவிடும். 939.53-ஐ அடித்து `+/-`, `PV`, பிறகு `CPT I/Y` அழுத்தினால் 3.5 வரும். இங்கேதான் நிறையப் பேர் கையை எடுத்துவிடுகிறார்கள். அது ஆறு மாத விகிதம். கேட்டது ஆண்டு ஒய்டிஎம் என்றால் இரண்டால் பெருக்கி 7. ஆப்ஷனில் 3.50 கண்டிப்பாக இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேள்வியில் '7% பயனுறு ஆண்டு விகிதம்' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தால் பாதியாக்கக் கூடாது. 1.07-இன் வர்க்கமூலத்திலிருந்து 1 கழித்தால் 3.4408%, விலை 946.45. கேள்வியைப் படிக்காமல் பழக்கத்தில் 3.5 அழுத்துகிறவருக்கு 939.53 அங்கேயும் காத்திருக்கும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கூப்பன் தேதியன்று விலை கேட்டால். இரண்டு கூப்பன்களுக்கு நடுவில் கேட்டால் இன்னொரு குழி இருக்கிறது. கடைசிக் கூப்பன் கொடுத்து 60 நாள் ஆகிவிட்டது, காலம் 180 நாள் என்று வைப்போம். கூப்பன் தேதியின் 939.53-ஐ 1.035-இன் 60/180 அடுக்கால் பெருக்கினால் முழு விலை 950.37. அதில் சேர்ந்திருக்கும் வட்டி, 30-இல் மூன்றில் ஒரு பங்கு, 10. அதைக் கழித்தால் சந்தையில் சொல்லப்படும் விலை 940.37. எதைக் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் 950.37-ஐத் தேர்ந்தெடுப்பது ஒரு தவறு. அதைவிட வேடிக்கையானது இது:

```
939.53 × 1.035 yˣ ( 60 ÷ 180 ) =
```

கால்குலேட்டர் Chn முறையில் இருந்தால் இதற்கு 9.91 என்று பதில் வரும். அந்த முறையில் அது அழுத்திய வரிசையிலேயே கணக்கிடும்: முதலில் 939.53-ஐ 1.035-ஆல் பெருக்கிவிட்டு, மொத்தத்துக்கும் கனமூலம் எடுக்கும். `2ND FORMAT` போய், கீழ் அம்பை நான்கு முறை அழுத்தி, Chn தெரியும்போது `2ND SET` அழுத்தினால் AOS ஆகிவிடும். அதன் பிறகு பெருக்கலுக்கு முன் அடுக்கைக் கணக்கிடும், நாம் பள்ளியில் படித்த மாதிரி. மாற்ற விருப்பமில்லை என்றால் அடுக்கை முதலில் கணக்கிட்டு, பிறகு 939.53-ஆல் பெருக்குங்கள்.

பழைய தாள்களை வைத்துப் பழகுவதிலும் ஒரு கோளாறு உண்டு. லெவல் 1 தேர்வின் அசல் தாள்கள் வெளியே வருவதில்லை. நம் கையில் புழங்குபவை பழைய ஆண்டுகளின் மாக் தாள்கள்தான். 2021-க்கு முன் தேர்வு காகிதத்தில் நடந்தபோது ஆறு மணி நேரத்துக்கு 240 கேள்விகள். கேள்விக்கு அதே 90 வினாடி என்பதால் வேகப் பயிற்சிக்கு இப்போதும் உதவும். கோளாறு என்னவென்றால், அதே தாளை மூன்றாவது முறை போடும்போது விரலுக்குக் கேள்வி தெரிந்துவிடுகிறது. 16, 3.5, 30 என்று கேள்வியைப் படிக்காமலேயே அழுத்துவோம். அது பட்டன் பயிற்சி, அவ்வளவுதான்.

நான் செய்வது, விடைகளை மூடி வைத்துக்கொண்டு கணக்கைப் போடுவது. பிறகு தப்பான இரண்டு ஆப்ஷன்களையும் கால்குலேட்டரில் வேண்டுமென்றே வரவழைப்பது. 952.23 எந்தத் தவறால் வந்தது என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிந்தால், அந்தத் தவறை நீங்கள் செய்தாலும் கண்ணுக்குத் தெரியும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நோட்டில் எண்ணை மட்டும் எழுதி வைத்து மறுநாள் பார்ப்பேன்.

அப்புறம் எண்ணை மாற்றிப் போடுவேன். கூப்பனை மட்டும் 8% ஆக்கி PMT-க்கு 40 கொடுத்தால் விலை 1,060.47 வர வேண்டும். முன்பு ஆயிரத்துக்கு எவ்வளவு கீழே இருந்ததோ, இப்போது அதே 60.47 மேலே. கூப்பன் ஈட்டு விகிதத்துக்கு ஒரு சதவீதம் கீழே இருந்தது, இப்போது ஒரு சதவீதம் மேலே இருக்கிறது, அதனால்தான். இந்த எண் வராவிட்டால், வேறு எதையும் தேடுவதற்கு முன் P/Y-ஐயும் BGN-ஐயும் பாருங்கள்.