மனம் உடைந்த நாட்களைப் பொதுவில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஹட்டி என்று சொல்லும் சிறு மலைக் கிராமம் ஒன்றில் இருக்கும் சிறு தேயிலை விவசாயி தன் நிலையை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முழுக்கக் கற்பனை உதாரணம்தான்.

“பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, கடன் ஏறிக்கொண்டே போனது. அதனால்தான் போன மார்ச் மாதம் சாகத் துணிந்தேன். (எங்கே, எப்படி என்று இந்த இடத்தில் நான்கு வரி.) அது தோல்வியில் முடிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருக்கும் என் மனைவியும் இப்போது மனநல மாத்திரை சாப்பிடுகிறாள். எனக்கும் டாக்டர் மாத்திரை தந்தார். இரண்டு மாதத்தில் நானே நிறுத்திவிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. எழுதத் துணிந்தவரின் மனசும் சுத்தம். ஆனாலும் இதே நிலையில் இருக்கும் இன்னொருவர் கையில் இந்தப் பதிவு போய்ச் சேர்ந்தால் அவருக்கு ஆபத்து கூடும்.

பெரிய தவறு, நான் விட்டுவிட்ட அந்த நான்கு வரியில் இருக்கிறது. இடத்தையும் முறையையும் சொன்னால்தான் உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே சாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த விவரம் ஒரு வழிகாட்டி ஆகிவிடும். இது வெறும் பயம் இல்லை. வியன்னா நகரத்துச் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளைப் பத்திரிகைகள் விலாவாரியாக எழுதிக்கொண்டிருந்தன. 1987-ல் அப்படி எழுதுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு விதிமுறைகள் தரப்பட்டன. செய்திகள் மாறின, அந்தச் சாவுகளும் பெருமளவு குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2000-லிருந்து ஊடகங்களுக்குத் தந்துவரும் கையேட்டிலும் இது முக்கியமான விதி. தன் கதையைத் தானே எழுதுபவருக்கும் அதே விதி பொருந்தும்.

மலையில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொடைக்கானலில் ஒரு காட்சிமுனைக்குச் சாவைக் குறிக்கும் பெயரே ஒரு காலத்தில் வழக்கில் இருந்தது. பிறகு வேறு பெயர் வைத்தார்கள். ஒரு இடத்தோடு சாவு ஒட்டிக்கொண்டால் அதைப் பிரிப்பது கஷ்டம். அதனால் பாறை, முனை, அருவி எதையும் பெயர் சொல்லி எழுத வேண்டாம். “மூடுபனி என்னை அழைத்தது, பள்ளத்தாக்கு அமைதியாக இருந்தது” என்பது போன்ற வர்ணனையும் வேண்டாம். அது சாவை அழகாகக் காட்டுகிறது. அந்த நேரத்தில் உங்களுக்கு இருந்தது அழகு இல்லை, வலி. அந்த வலியை எழுதுங்கள். “ஓர் இரவு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனேன்” என்று எழுதினால் உண்மையும் குறையாது, வழியும் காட்டாது. “தோல்வி” என்ற சொல்லையும் எடுத்துவிடலாம். பிழைத்ததைத் தோல்வி என்று சொன்னால் இறந்திருந்தால் வெற்றி என்று ஆகிவிடும்.

அடுத்தது “அதனால்தான்” என்ற இணைப்பு. தேயிலை விலை விழுந்தது, அதனால் சாகத் துணிந்தேன் என்று எழுதினால், அதே விலையில் இலை போடும் பக்கத்து விவசாயி அதை எப்படிப் படிப்பார்? இந்தக் கஷ்டத்துக்கு முடிவு அதுதான் போல என்று தோன்றலாம். உண்மையில் யாரும் ஒரே காரணத்தால் அந்த இடத்துக்குப் போவதில்லை. இந்த விவசாயியையே எடுத்துக்கொண்டால், விலை விழுவதற்கு முன்பே அவருக்குத் தூக்கம் போயிருந்தது, குடி கூடியிருந்தது, யாரிடமும் பேசாமல் இருந்தார் என்று விசாரித்தால் தெரியும். அதையெல்லாம் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

மனைவியைப் பற்றிய வரி உடனே நீக்க வேண்டியது. சென்னையில் “டீச்சர்” என்றால் ஆயிரம் பேர். ஒரு ஹட்டியில் அது ஒரே ஆள். பெயர் போடவில்லை என்பது அங்கே ஒரு காப்பும் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அவருக்கே தருகிறது. மனைவியின் சிகிச்சையைச் சொல்வதா வேண்டாமா என்பது மனைவியின் முடிவு. உங்கள் கதையில் அவர் வந்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதியை முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் தயங்கினாலே எடுத்துவிடுங்கள்.

மாத்திரை விஷயம் சுருக்கமானதுதான், ஆனால் ஆபத்து கூடுதல். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம், நோயும் திரும்பலாம். “நானே நிறுத்திவிட்டேன், நன்றாக இருக்கிறேன்” என்ற வரியைப் படித்து ஒருவர் இன்று ராத்திரியே நிறுத்திவிடக்கூடும். மருந்தின் பெயர், மில்லிகிராம் இரண்டும் தேவையில்லை. “முதல் வாரம் வாய் உலர்ந்தது, சில வாரம் கழித்துத் தூக்கம் வந்தது” என்ற அனுபவம் போதும். நிறுத்தியது நடந்த விஷயம் என்றால், அதற்குப் பிறகு டாக்டரிடம் போனதையும் சேர்த்து எழுத வேண்டும். இன்னும் போகவில்லை என்றால் எழுதுவதற்கு முன்னால் போக வேண்டும்.

சரி, இவ்வளவையும் எடுத்துவிட்டால் எழுத என்ன மிச்சம்? நிறைய இருக்கிறது. ஆஸ்திரியப் பத்திரிகைச் செய்திகளை வைத்து 2010-ல் வந்த ஓர் ஆய்வு, சாக நினைத்து அதைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆகவே விவரம் கொட்ட வேண்டியது தாண்டி வந்த பகுதியில்தான். யாரிடம் முதலில் சொன்னீர்கள், என்ன வார்த்தையில் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார், ஆஸ்பத்திரியில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் எழுதுங்கள். பலர் இந்த இடத்தில்தான் “பிறகு சிகிச்சை எடுத்தேன்” என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். படிப்பவருக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

அந்த விவசாயியின் பதிவு இப்படி மாறலாம்:

“போன வருஷக் கடைசியிலிருந்தே எனக்குத் தூக்கம் இல்லை. குடியும் கூடிவிட்டது. இலை விலை, கடன் எல்லாம் சேர்ந்து அழுத்தியது. மார்ச்சில் ஓர் இரவு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனேன். மறுநாள் அண்ணனிடம், ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை, என்னைத் தனியாக விடாதே’ என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. என்னோடு பஸ் ஏறி ஊட்டி அரசு மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் தூக்கம், பசி, குடி எல்லாம் கேட்டார், சாகும் எண்ணம் இருக்கிறதா என்றும் நேராகக் கேட்டார். முதலில் பயமாக இருந்தது, சொன்ன பிறகு பாரம் குறைந்தது. இடையில் மாத்திரையை நானாக நிறுத்தினேன், மறுபடி தூக்கம் கெட்டது. திரும்பப் போய்ச் சொன்னேன், இப்போது டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறேன். கடன் இன்னும் இருக்கிறது. சில நாள் மோசமாகவே போகிறது. அந்த நாட்களில் அண்ணனுக்கு போன் செய்கிறேன்.”

கடன் தீர்ந்துவிட்டதாகவோ நோய் முழுக்கப் போய்விட்டதாகவோ இதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால், இன்னும் சரியாகாதவருக்குத் தான் மட்டும் தேறவில்லை என்று தோன்றும்.

எழுதும் நேரமும் முக்கியம். நள்ளிரவில் எழுதியதை மறுநாள் பகலில் படித்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள், முடிந்தால் உங்கள் நிலை தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். எழுதிக்கொண்டிருப்பது விடைபெறும் கடிதம் போல ஆகிறது, அல்லது “இன்று ராத்திரியே” என்ற எண்ணம் வருகிறது என்றால் எழுதுவதை அங்கேயே விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். பதிவின் கடைசியிலும் இந்த எண்களைப் போடுங்கள். சிக்னல் சரியாகக் கிடைக்காத எஸ்டேட் லைன்களில் இருப்பவர்கள் எண்ணை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.