சீன ராசியில் கூட்டணியும் மோதலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் சீன நண்பர்களோடு பழகிப் பழகி நம்மவர்களும் இப்போது விலங்கு ராசி பார்த்துச் சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் வழுக்கி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆரம்பத்தில் நானும் விழுந்த இடங்கள்தான். விலங்குகளின் வரிசையை மாற்றிச் சொல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை நாலு நாளில் சரியாகிவிடும்.

முதலில் அடிப்படை. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்பது வரிசை. இவற்றைக் கடிகாரம் போல வட்டமாக வைத்தால் நேர் எதிரே நிற்பது மோதல். எலிக்குக் குதிரை, எருதுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று எண்ணினால் வருவது மூவர் கூட்டணி: எலி, டிராகன், குரங்கு ஒரு அணி, எருது, பாம்பு, சேவல் இன்னொன்று, புலி, குதிரை, நாய் மூன்றாவது, முயல், ஆடு, பன்றி நான்காவது. இவை தவிர ஆறு நட்பு ஜோடிகள் உண்டு: எலி–எருது, புலி–பன்றி, முயல்–நாய், டிராகன்–சேவல், பாம்பு–குரங்கு, குதிரை–ஆடு.

பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து ஆளைக் கழிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. 2024-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு போக்குவரத்து நிறுவனம், நாய் ஆண்டில் பிறந்தவர்கள் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரம் போட்டது செய்தியானது. முதலாளி டிராகன் ஆண்டுக்காரராம். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இங்கேயும் அதே கூத்தைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் 1976-ல் பிறந்தவர், டிராகன். கணக்கு எழுத ஆள் தேடினார். நல்ல அனுபவமுள்ள ஒரு பெண் வந்தார். விண்ணப்பத்தில் பிறந்த ஆண்டு 1994. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பையன் கைபேசியில் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, “1994 நாய் வருஷம் மாமா, உங்களுக்கு நேர் மோதல்” என்று சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணை எடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அந்த விண்ணப்பம் என் கண்ணில் பட்டது. பிறந்த நாள் ஜனவரி 20.

சீனப் புத்தாண்டு 1994-ல் பிப்ரவரி 10-ஆம் தேதிதான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர் நாய் ஆண்டில் வரமாட்டார், அதற்கு முந்தைய சேவல் ஆண்டில் வருவார். டிராகனும் சேவலும் என்ன? ஆறு நட்பு ஜோடிகளில் ஒன்று. மோதல் என்று துரத்தப்பட்டவர், அந்தக் கணக்கின்படியே கடைக்காரருக்கு மிக நெருக்கமான ஆள்.

ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர் என்றால் அந்த ஆண்டின் சீனப் புத்தாண்டு தேதியைப் பார்க்காமல் வாயைத் திறக்கவே கூடாது. அது ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் பார்த்து நான்கு தூண் ஜாதகம் எழுதுபவர்கள் புத்தாண்டைக் கணக்கில் எடுப்பதில்லை. பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும் வசந்தத் தொடக்கத்தில்தான் ஆண்டை மாற்றுவார்கள். அப்படியானால் 1994 பிப்ரவரி 6-இல் பிறந்தவர் புத்தாண்டுக் கணக்கில் சேவல், ஜாதகக் கணக்கில் நாய். எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதி அதிலும் பாதி இதிலும் எடுப்பதுதான் மோசம்.

சரி, அந்தப் பெண் மே மாதத்தில் பிறந்த அசல் நாய் ஆண்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆண்டு என்பது நான்கு தூண்களில் ஒன்றுதான். மாதம், நாள், நேரம் மூன்றுக்கும் தனித்தனி விலங்கு உண்டு. ஆண்டுத் தூண் வெளியுலகத் தொடர்பைக் காட்டும். தொழிலுக்கு மாதத் தூணையும், அந்த ஆளுக்கு நாள் தூணையும் பார்ப்பதே வழக்கம். ஆண்டு மோதல் என்றால் ஆறு வயது, பதினெட்டு வயது, முப்பது வயது வித்தியாசம் உள்ளவர்கள் என்று மட்டுமே பொருள். அதை வைத்து ஆளைக் கழித்தால் ஒரு பள்ளி வகுப்பையே கழித்த மாதிரி.

மோதலிலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு மூலகம் உண்டு. எலிக்கும் குதிரைக்கும் நடப்பது தண்ணீருக்கும் நெருப்புக்கும் நடப்பது, அது கடுமை. டிராகனும் நாயும் இரண்டுமே மண். ஒரே மூலகம் என்பதால் இந்த மோதலை மென்மையானதாக எடுப்பவர்கள் பலர். புலி–குரங்கு, பாம்பு–பன்றி மோதல்கள் இடமாற்றம், பயணம், அலைச்சல் என்று படிக்கப்படும். டெலிவரிக்கும் விற்பனைக்கும் ஆள் எடுக்கிறவர் அதைக் குறையாக நினைக்க வேண்டியதே இல்லை.

நட்பு ஜோடியை நடுவராக நிறுத்துவது

மோதும் இருவருக்கு இடையே மூன்றாவது ஆளை வைத்துச் சமாளிக்கலாம் என்பது பழைய யோசனை, நல்ல யோசனையும்கூட. ஆனால் புதியவர்கள் உடனே நட்பு ஜோடிப் பட்டியலுக்கு ஓடுகிறார்கள். டிராகன் முதலாளிக்கும் நாய் ஊழியருக்கும் நடுவே முயலை வை என்கிறார்கள், நாய்க்கு முயல் ஜோடி என்பதால்.

அங்கேதான் தடுமாற்றம். முயலின் நண்பன் நாயோடு டிராகன் மோதுகிறது. அதனாலேயே டிராகனும் முயலும் ஒன்றுக்கொன்று தீங்கு செய்யும் ஜோடி. சீன ராசியில் ‘ஆறு தீங்குகள்’ என்ற பட்டியலே இப்படி உருவானதுதான்: என் நண்பனோடு மோதுகிறவன் எனக்குத் தீங்கு. சேவலை வைத்தால் டிராகனோடு ஒட்டும், நாயோடு தீங்கு. எந்த மோதலை எடுத்தாலும் கதை இதேதான். ஜோடியிலிருந்து வரும் நடுவர் ஒரு பக்கம் சாய்வார்.

மூவர் கூட்டணியிலிருந்து எடுங்கள். டிராகன் பக்கம் எலி, நாய் பக்கம் குதிரை. எலிக்கு நாயோடு பகையும் இல்லை, தீங்கும் இல்லை. குதிரைக்கு டிராகனோடும் அப்படியே. 1984 எலியோ 1990 குதிரையோ மேற்பார்வையாளராக இருந்தால் போதும், ஆனால் இருவரையும் சேர்த்து வைக்காதீர்கள், எலியும் குதிரையும் தங்களுக்குள் மோதும்.

மூவரில் இருவரை வைத்துக் கூட்டணி என்பது

டிராகனும் குரங்கும் சேர்ந்தால் கூட்டணி ஆகிவிடாது. நடுவில் எலி வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் எலி, சேவல், குதிரை, முயல் இவற்றில் ஒன்றுதான் ஆணிவேர். அது இல்லாத இருவரை “பார்ட்னர்ஷிப்புக்கு அருமை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

நம்ம ராசிப் பொருத்தத்தை இங்கே இழுப்பது

நம் ஜோதிடத்திலும் ஒன்று, ஐந்து, ஒன்பது நல்ல இடங்கள் என்பதால், ஏழும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நம் ராசிப் பொருத்தத்தில் ஏழாம் ராசி உத்தமம். இங்கே ஏழாவது விலங்குதான் மோதல்.

விலங்கின் குணத்தை வைத்துக் காரணம் சொல்வது

சேவல் கொத்தும், முயல் ஓடும் என்ற கதையெல்லாம் வேண்டாம். முயல் கிழக்கு, மரம்; சேவல் மேற்கு, உலோகம். மோதல் அங்கிருந்து வருகிறது.

பாம்பும் குரங்கும்

நட்பு ஜோடிப் பட்டியலிலும் உண்டு, ஒன்றையொன்று வருத்தும் விலங்குகளைச் சொல்லும் தண்டனைப் பட்டியலிலும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்.

நாள் மோதலை ஆள் மோதலாக்குவது

சீனப் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ‘இன்று எலிக்கு மோதல்’, ‘இன்று எருதுக்கு மோதல்’ என்று போட்டிருக்கும். அது அந்த ஒரு நாளுக்கு மட்டும். கடை திறப்பதை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள், பங்குதாரரை மாற்றாதீர்கள்.