ஜீப் எத்தனை நாள் ஓடியது? நன்றி மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைனில் நாங்கள் மாலைப் படிப்பகம் நடத்துகிறோம். பதினான்கு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஊர்க்காரர்கள் வாடகை வாங்காமல் கொடுத்த ஒரு அறை, அவ்வளவுதான். 2024 ஜூலையில் கோவையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்களுக்கு ரூ.24,000 அனுப்பினார். எதற்கு என்று சொல்லியே அனுப்பினார்: இருட்டிய பிறகு பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட ஜீப் வாடகை. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் சாயங்காலம் கரடி வரும், காட்டுமாடு நிற்கும். தூரத்து வீட்டுப் பிள்ளைகளை நடந்து போகச் சொல்ல முடியாது.

டிசம்பரில் அவருக்கு நன்றி மெயில் எழுதினேன். அதில் முக்கியமான வரி இது: “தங்கள் மேலான நன்கொடை ஏழை எளிய குழந்தைகளின் கல்வி வளர்ச்சிக்குப் பெரிதும் பயன்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.” மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. “சந்தோஷம் தம்பி. ஜீப் எத்தனை நாள் ஓடுச்சு?”

அவர் கோபித்துக்கொண்டு கேட்கவில்லை. ஜீப்புக்குப் பணம் கொடுத்தவர் ஜீப்பைப் பற்றிக் கேட்டார். என் மெயிலில் ஜீப் என்ற சொல்லே இல்லை. சின்ன அறக்கட்டளைகளின் நன்றிக் கடிதங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஒருவர் ஒரு குறிப்பிட்ட பொருளுக்குப் பணம் கொடுக்கிறார். நாம் பதில் எழுதும்போது அந்தப் பொருளை விட்டுவிட்டு ‘கல்வி வளர்ச்சி’, ‘நற்பணிகள்’ என்று எழுதுகிறோம். பெரிய சொல் போட்டால் மரியாதை என்று நினைக்கிறோம். படிப்பவருக்கோ தன் பணம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாமல் போகிறது.

அவருக்குப் பதில் சொல்ல ஜீப் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு டிரிப்புக்கும் டிரைவர் அண்ணன் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கும் நோட்டு அது. ஒரு நாளைக்கு வாடகை ரூ.300. ரூ.24,000-க்கு 80 நாள் ஓடும் என்று ஜூலையில் கணக்குப் போட்டிருந்தோம். ஆகஸ்ட் முதல் நவம்பர் முடிய எண்ணிப் பார்த்தால் 68 நாள்தான் ஓடியிருந்தது. காலாண்டு விடுமுறை, தீபாவளி, அப்புறம் ஐப்பசி மழைக்குப் பள்ளிக்கு லீவு விட்ட நாட்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பது தெரிந்தும் அந்த நாட்களைக் கழிக்காமல் 80 என்று சொல்லியிருந்தோம். 68 நாளுக்கு ரூ.20,400. மீதம் ரூ.3,600.

அந்த மீதத்தில் இரண்டாவது தவறு ஒளிந்திருந்தது. அதிலிருந்து ரூ.2,100 எடுத்து ஆறு டார்ச் வாங்கியிருந்தோம், ஒன்று ரூ.350. ஜீப் போக முடியாத மேட்டு வீடுகளுக்குப் பிள்ளைகள் கடைசி நூறடி நடக்க வேண்டும், அதற்காக. நல்ல காரணம்தான். ஆனால் அவரிடம் கேட்கவில்லை. ஜீப்புக்கு என்று வந்த பணத்தை வேறு ஒன்றுக்குச் செலவழிப்பதானால் முன்னாலேயே கேட்க வேண்டும். ஒரு போன் போதும். செலவு முடிந்த பிறகு சொல்வது தகவல் மட்டுமே, சம்மதம் வாங்கியதாக ஆகாது. நான் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். “டார்ச் நல்ல யோசனைதான், முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி” என்றார். மிச்சம் ரூ.1,500-ஐ ஜனவரியில் ஜீப்புக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மீதம் இருந்தால் நிர்வாகம் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று பலர் அதை மறைத்து, ‘முழுத் தொகையும் செலவிடப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜீப்பும் மழையும் பள்ளி லீவும் சேர்ந்த ஒரு கணக்கு கடைசி ரூபாய் வரை சரியாகத் தீர்ந்தது என்றால்தான் விவரம் தெரிந்தவருக்குச் சந்தேகம் வரும். கையில் நிற்கும் தொகையை எழுதுங்கள். அது ஏன் நிற்கிறது, இனி எதற்குப் போகும் என்பதையும் எழுதுங்கள்.

போனுக்குப் பிறகு நான் திருத்தி அனுப்பிய மெயில் இது. தலைப்பில் ‘நன்றி’ என்று மட்டும் போடாமல் ‘ஜீப் வாடகை ரூ.24,000: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கணக்கு’ என்று போட்டேன். ஆறு மாதம் கழித்து அவர் தேடினாலும் கிடைக்க வேண்டும் அல்லவா.

“அன்புள்ள அம்மா,

வணக்கம். நீங்கள் ஜூலையில் அனுப்பிய ரூ.24,000-இல் ஜீப் 68 நாள் ஓடியது. நாளுக்கு ரூ.300 வீதம் ரூ.20,400 ஆனது. 80 நாள் ஓடும் என்று சொல்லியிருந்தோம். பள்ளி விடுமுறை, மழை லீவு நாட்களை நாங்கள் கழிக்காமல் விட்டது எங்கள் தவறு. ரூ.2,100-க்கு ஆறு டார்ச் வாங்கினோம். உங்களைக் கேட்காமல் வாங்கியதற்கு மன்னிக்கவும். ரூ.1,500 கையில் இருக்கிறது, நீங்கள் சொன்னபடி ஜனவரியில் ஐந்து நாள் ஜீப்புக்குப் போகும்.

படிப்பகத்துக்கு வரும் பதினான்கு பேரில் ஒன்பது பேர் ஜீப்பில் போகிறார்கள். மற்றவர்களுக்கு வீடு பக்கத்திலேயே. முன்பு இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று 5.15-க்கே வகுப்பை முடித்துவிடுவோம். இப்போது 6.30 வரை நடக்கிறது. செப்டம்பரில் இரண்டு நாள் சாயங்காலம் திருப்பத்தில் கரடி நின்றது. டிரைவர் அண்ணன் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்து, அது தோட்டத்துக்குள் இறங்கிய பிறகு கொண்டுபோய் விட்டார்.

டீச்சரின் சம்பளம் வேறொருவர் தருவது. பிள்ளைகள் இருட்டுக்குப் பயப்படாமல் உட்கார்ந்து படிக்கும் அந்த ஒன்றேகால் மணி நேரம் உங்களால் கிடைத்தது. மிக்க நன்றி அம்மா.”

பதினான்கு பேர் படிக்கும் இடத்தில் ‘பதினான்கு குழந்தைகள் பயன்பெற்றனர்’ என்று எழுதக் கை தானாகப் போகும். ஜீப்பில் ஏறியது ஒன்பது பேர்தான். அதே போல, ‘ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்தான்’ என்று வகுத்துச் சொல்வதும் சரியில்லை. ஜீப்பில் ஒன்பது பேர் ஏறினாலும் நான்கு பேர் ஏறினாலும் வாடகை முந்நூறுதான். ‘கரடியிடமிருந்து குழந்தைகளின் உயிரைக் காத்தீர்கள்’ என்றும் எழுதவில்லை, ஏனென்றால் கரடி யாரையும் தாக்கவில்லை. நின்றது, போனது. அதை நடந்தபடி சொன்னாலே கோவையில் இருப்பவருக்கு அந்தத் திருப்பம் கண்ணில் தெரியும். ஒரு பிள்ளை தேர்வில் நல்ல மார்க் வாங்கினால் அதையும் ஜீப் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு டீச்சர் காரணம், அந்தப் பிள்ளை காரணம். ஜீப்பால் கிடைத்தது நேரம்.

படம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். ஒன்பது பிள்ளைகளை ஜீப் முன்னால் நிற்க வைத்து, கையில் நன்றி அட்டை கொடுத்து எடுக்கும் படத்தை நாங்கள் அனுப்புவதில்லை. மெயிலில் போகும் படம் அன்றைக்கே வாட்ஸ்அப் குரூப்புகளுக்குப் போய்விடும். பிள்ளையின் முகம், பள்ளிச் சீருடை, ஊர்ப்பெயர், தினமும் எத்தனை மணிக்கு எந்த வழியில் போகிறது என்ற விவரம் எல்லாம் ஒரே மெயிலில் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தப் பிள்ளையை அடையாளம் காட்டியதாகிவிடும். போனில் எடுத்த படத்தோடு எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், அதையும் நீக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு நான் அனுப்பியது ஜீப் நோட்டின் ஒரு பக்கம். அக்டோபர் மாதத் தேதிகள், பக்கத்தில் கையெழுத்து, நடுவே மழையில் நனைந்து மை பரவிய இரண்டு வரி. டிரைவரின் போன் நம்பரை மறைத்துவிட்டுப் படம் எடுத்தேன். முகம் தெரியும் படம்தான் வேண்டும் என்றால் பெற்றோரிடம், அது யாருக்குப் போகிறது என்று சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வரி பற்றி ஒரு வார்த்தை. நன்றி மெயிலில் ‘இந்த ரசீதைக் காட்டி முழு வரிவிலக்கு பெறலாம்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் வந்த இந்த நன்கொடைக்கு, வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் பதிவுள்ள அறக்கட்டளை வருமான வரித்துறையிடம் நன்கொடைக் கணக்கைத் தாக்கல் செய்து, அதன் இணையதளத்தில் கிடைக்கும் 10BE என்ற நன்கொடைச் சான்றிதழை 2025 மே 31-க்குள் கொடுக்க வேண்டியிருந்தது. கையால் எழுதிய ரசீது அதற்கு ஈடாகாது. எங்களைப் போன்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் வருமானத்தை வைத்து ஓர் உச்சவரம்பு உண்டு. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கும் இந்தக் கழிவு கிடையாது. அதனால் ‘சான்றிதழ் மே மாதத்துக்குள் வரும்’ என்று மட்டும் எழுதுவது நல்லது.

இரண்டு மூன்று சின்ன விஷயங்கள். பணம் செலவான பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நன்றியைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் வந்து ஓரிரு நாளில் ரசீதோடு நான்கு வரி போக வேண்டும், கணக்கு மெயில் அப்புறம். எல்லா நன்கொடையாளர்களுக்கும் ஒரே மெயிலை Cc-இல் போட்டு அனுப்பினால் யார் யார் கொடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொதுவான செய்தி என்றால் Bcc, கணக்கு என்றால் தனித்தனி மெயில். அடுத்த நன்கொடைக்கான வேண்டுகோளை இந்த மெயிலின் கடைசியில் ஒட்டவே கூடாது. அதை ஒட்டினால் மேலே எழுதிய நன்றி முழுவதும் அதற்கான முன்னுரையாகிவிடும்.

அந்த ரூ.1,500 ஜனவரி 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமையோடு தீர்ந்தது. அன்று இரவே அந்த அம்மாவுக்கு எழுதினேன்: “அம்மா, மீதி ரூ.1,500-இல் 6-ஆம் தேதி முதல் இன்று வரை ஐந்து நாள் ஜீப் ஓடியது. நீங்கள் கொடுத்த பணத்தின் கணக்கு இதோடு முடிந்தது. மொத்தம் 73 நாள்.”