பழைய சிஎன்சி லேத் வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தை இப்படிப் படியுங்கள்

ஓசூர், சூளகிரி பக்கம் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர்கள் முதல் சிஎன்சியைப் புதிதாக வாங்குவது குறைவு. பெங்களூரு பீன்யா பக்கம் யாராவது கம்பெனியை மூடுவார்கள், இல்லை பழைய மெஷின் டீலர் ஒருவரிடம் ஒன்று நிற்கும், போய்ப் பார்த்து விலை பேசி அட்டிபெலே வழியாக லாரியில் ஏற்றிக்கொண்டு வருவோம். விலை படிந்ததும் ஆங்கிலத்தில் ரெண்டு பக்கம் நீட்டுவார்கள், அட்வான்ஸ் கொடுக்கிற அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

சூளகிரியில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த தம்பி ஒருவர் போன வருடம் அப்படி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். ஃபனக் கன்ட்ரோல் போட்ட ஒரு டர்னிங் சென்டர், விலை 9 லட்சம், அட்வான்ஸ் 1 லட்சம். அந்தத் தாளை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ரெண்டு வாக்கியங்களைத் தேடுங்கள்

ஒன்று, மெஷின் ‘ஆஸ் ஈஸ் வேர் ஈஸ்’ அடிப்படையில் விற்கப்படுகிறது என்று இருக்கும். இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், எங்கே நிற்கிறதோ அதே இடத்தில் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், தமிழில் ‘உள்ளது உள்ளபடி’. அதாவது நாளைக்கு ஸ்பிண்டில் பேரிங் போனால் அது உங்கள் செலவு, இன்றைக்கே கிரேன் வைத்துத் தூக்குவதும் உங்கள் செலவு. பழைய மெஷினுக்கு இது நியாயமான நிபந்தனைதான், இதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டால் எந்த டீலரும் விற்க மாட்டார்.

நான் பயப்படுவது இன்னொரு வாக்கியத்துக்கு. ‘வாங்குபவர் மெஷினை முழுமையாகப் பரிசோதித்துத் திருப்தி அடைந்துவிட்டார்’ என்று இருக்கும். தம்பியின் தாளிலும் இருந்தது. ஆனால் அவர் அதுவரை மெஷினை ஓடவிட்டுப் பார்க்கவே இல்லை, பத்து நிமிஷம் நின்று கதவைத் திறந்து மூடிவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அந்த வகைப் பொருளையே விற்றுப் பிழைக்கும் டீலரிடம் சொல்லி வாங்கும்போது பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே வரும். ஆனால் வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அது பொருந்தாது. எழுத்து மூலம் அந்த நிபந்தனையையே விலக்கிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக, இந்த ரெண்டு வாக்கியமும் உள்ள தாளில் பார்க்காமலேயே ‘பார்த்துவிட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டால் ரெண்டு கதவையும் நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள்.

படி 2: வரிசையை மாற்றச் சொல்லுங்கள்

தம்பிக்கு முக்கியமாகச் செய்த திருத்தம் இது ஒன்றுதான். அட்வான்ஸ், அப்புறம் சோதனை, சோதனையில் தேறினால் மட்டும் ‘உள்ளது உள்ளபடி’ வாக்கியம் உயிர் பெறும். ஒப்பந்தத்தில் இப்படிப் போட்டோம்:

‘அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள், விற்பவரின் இடத்தில், மின் இணைப்போடு, வாங்குபவரும் அவர் அழைத்துவரும் டெக்னீசியனும் மெஷினைச் சோதிக்கலாம். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் உள்ள அளவுகளுக்குள் மெஷின் வராவிட்டால், வாங்குபவர் விலகிக்கொள்ளலாம். அப்போது அட்வான்ஸ் முழுவதும் 7 நாட்களுக்குள் திரும்பத் தரப்படும். சோதனைத் தாளில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு, விற்பனை உள்ளது உள்ளபடி என்ற அடிப்படையில் இறுதியாகும்.’

இதில் ‘மின் இணைப்போடு’ என்பதை விட்டுவிடாதீர்கள். மூடின கம்பெனியில் கரன்ட்டைக் கட் செய்திருப்பார்கள், ‘ஓடுகிற மெஷின்தான் சார், நம்புங்க’ என்பார்கள். அந்த நிலையில் வாங்குவதாக இருந்தால் விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இறங்கியிருக்க வேண்டும்.

விற்பவர் ‘திருப்தி இல்லாவிட்டால் திருப்பித் தருகிறேன்’ என்று வாயால் சொல்வது போதாது. யாருடைய திருப்தி, எந்த அளவுக்கு என்று பின்னால் தகராறு வரும். அதனால்தான் எண்களைப் போட வேண்டும்.

படி 3: எந்த எண்கள்?

பத்துப் பதினைந்து சோதனை எழுதினால் விற்பவர் முகம் சுளிப்பார், நமக்கும் நேரம் போதாது. டர்னிங் சென்டருக்கு நாங்கள் மூன்றே மூன்று போட்டோம்.

முதலாவது ஸ்பிண்டில் ரன்அவுட். ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் டயல் கேஜ் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினால் முள் 0.01 மி.மீ.க்குள் நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அதோடு ஒரு மணி நேரம் ஸ்பிண்டிலை ஓடவிட்டுச் சத்தம் கேட்டு, ஹெட்ஸ்டாக்கில் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே மெஷின் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த மெஷினில் கேட்கிற பேரிங் சத்தம் சூடானதும் அடங்கிவிடுவது உண்டு, காலையிலேயே ஓடவிட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சோதனை வெட்டு. உங்கள் ராடு, உங்கள் இன்செர்ட் கொண்டுபோங்கள். 50 மி.மீ. இஎன்8 ராடை 100 மி.மீ. நீளத்துக்கு டர்னிங் செய்து ரெண்டு முனையிலும் மைக்ரோமீட்டர் வைத்தால் வித்தியாசம் 0.02 மி.மீ. தாண்டக் கூடாது. ஒரே புரோகிராமில் ஐந்து பீஸ் போட்டு அளவு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது பேக்லாஷ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹேண்ட்வீலை 0.01 வைத்து ஒரு பக்கம் நகர்த்தி, திருப்பி நகர்த்தும்போது டயல் முள் எத்தனை கிளிக் கழித்து அசைகிறது என்று பார்ப்பார்கள். சரியான சோதனைதான், ஆனால் பால்ஸ்குரூ தேய்ந்த மெஷினிலும் இது சுத்தமாக வரலாம். காரணம், கன்ட்ரோலிலேயே அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டும் எண் ஒன்றைப் போட்டுவைக்க முடியும். ஃபனக் கன்ட்ரோலில் அது பாராமீட்டர் 1851. SYSTEM பொத்தானை அழுத்தி PARAM பக்கம் போய் 1851 என்று தேடினால் X, Z இரண்டுக்கும் ஓர் எண் காட்டும். பெரும்பாலும் அது மைக்ரான் கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் மெஷினில் சின்ன எண்ணாக இருக்கும், 40, 50 என்று இருந்தால் ஸ்குரூவோ அதன் பேரிங்கோ தேய்ந்ததை எண்ணை ஏற்றிச் சமாளித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் இணைப்பில் ‘பேக்லாஷ் 0.02 மி.மீ.க்குள், பாராமீட்டர் 1851-ன் மதிப்பையும் சேர்த்து’ என்று எழுதினோம். டீலரின் ஆள் அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சோதனை அன்றைக்கு ரன்அவுட் தேறியது, வெட்டும் தேறியது. டயலிலும் ஒன்றும் தெரியவில்லை. 1851-ல் Z அச்சுக்கு 45 இருந்தது, அதாவது 0.045 மி.மீ. ஒப்பந்தப்படி விலகி 1 லட்சத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம். ஆனால் மற்றபடி நல்ல மெஷின். Z ஸ்குரூவும் பேரிங்கும் மாற்ற ஒரு சர்வீஸ்காரரிடம் எழுத்தில் விலை வாங்கிக் காட்டி, 9 லட்சத்தை 8 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைத்துக்கொண்டார். விலகும் உரிமை எழுத்தில் இருந்ததால்தான் அந்தப் பேச்சே நடந்தது.

படி 4: சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்

‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிவிட்டால் விற்பவர் எதற்குமே பொறுப்பில்லை என்று நினைத்துக்கொள்வோர் உண்டு. அப்படி இல்லை. தெரிந்தே பொய் சொல்லி விற்றால் 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் சும்மா வாய் மூடி இருப்பது பொதுவாக மோசடிக் கணக்கில் வராது. அதனால் கேள்வி கேட்க வேண்டியது உங்கள் வேலை. மெஷின் எப்போதாவது மோதியதா, டர்ரெட் அலைன்மென்ட் திரும்பச் செய்தார்களா, தண்ணீர் புகுந்ததா, கன்ட்ரோல் போர்டு மாற்றியதா என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதிலையும் அதிலேயே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ‘இல்லை’ என்றவர் ஒப்பந்தத்தில் எழுத மறுத்தால் அங்கேயே கொஞ்சம் யோசியுங்கள்.

கடன் விஷயமும் இதே மாதிரிதான். மெஷின் மேல் வங்கிக் கடன் இருந்தால் நீங்கள் பணம் கொடுத்த பிறகும் வங்கி வந்து நிற்கலாம். ‘மெஷின் என் சொந்தம், எந்த அடமானமும் இல்லை, வந்தால் நானே தீர்க்கிறேன்’ என்று விற்பவர் ஒரு வரி எழுதட்டும், கடன் இருந்தது தெரிந்தால் வங்கியின் என்ஓசி இல்லாமல் பணம் போடாதீர்கள். அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் இணையதளத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கவும் வழி இருக்கிறது. மெஷின் பின்பக்கம் வங்கி ஸ்டிக்கர் ஒட்டி உரித்த தடம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை.

படி 5: என்னென்ன வருகிறது, எங்கே உங்கள் பொறுப்பு தொடங்குகிறது

மெஷின் சீரியல் நம்பர், கன்ட்ரோல் சீரியல் நம்பர், சக், ஜாக்கள், டூல் ஹோல்டர் எத்தனை, கூலன்ட் பம்ப், ட்ரான்ஸ்ஃபார்மர், எலக்ட்ரிக்கல் டயக்ராம், பாராமீட்டர் பேக்கப் எல்லாம் பட்டியலாக இணைப்பில் வர வேண்டும். சோதனை அன்று பார்த்த ஹைட்ராலிக் சக் லாரியில் ஏறும்போது வேறு சக்காக மாறியிருந்த கதை நம் பக்கம் சகஜம். அன்றைக்கே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பொறுப்பு எந்த நொடியில் கைமாறுகிறது என்றும் எழுதுங்கள். ‘வாங்குபவரின் கிரேன் மெஷினைத் தரையிலிருந்து தூக்கியது முதல்’ என்றால் அதன் பிறகு விழுந்தால் உங்கள் நஷ்டம், எனவே வழிக்கு இன்சூரன்ஸ் போட வேண்டும். அவர்களே ஏற்றித் தருவதானால் லாரியில் வைத்துக் கட்டி முடிக்கும்வரை அவர்கள் பொறுப்பு என்று போடச் சொல்லுங்கள்.

தகராறு வந்தால் ‘பெங்களூரு நீதிமன்றம் மட்டும்’ என்று கடைசிப் பக்கத்தில் சின்னதாக இருக்கும். மாற்ற ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், தம்பிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக மெஷினை விட்டுவிட வேண்டாம், சோதனையை இன்னும் கறாராகச் செய்தால் போதும்.

மீதிப் பணம் சோதனைத் தாளில் கையெழுத்தான பிறகு, வங்கி வழியாக மட்டும். ஜிஎஸ்டி பில்லில் அதே சீரியல் நம்பர் இருக்க வேண்டும், கர்நாடகாவிலிருந்து வருவதால் இ-வே பில்லும் லாரி கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். மெஷினின் மின் இணைப்பைக் கழற்றுவதற்கு முன், பவரில் இருக்கும்போதே கன்ட்ரோலுக்குப் புது பேட்டரி போட்டு பாராமீட்டரையும் ஒரு மெமரி கார்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்த நிலையில் வந்து இறங்கினால் பாராமீட்டர் எல்லாம் அழிந்திருக்கும், அதற்கு ‘உள்ளது உள்ளபடி’ என்றுதான் பதில் வரும்.